விடைத்தாளில் ஒரு ஹீட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுப் பாகத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸ். காலையில் மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவதும், மாலையில் அதே போல நசுங்கித் திரும்புவதுமாக வாழ்க்கை ஓடியது.

அந்த வருடம் பன்னிரண்டு பயிற்சி டெக்னீஷியன்கள் வேண்டும் என்று உற்பத்திப் பிரிவின் மேனேஜர் கேட்டார். அதுவரை பேப்பரில் விளம்பரம் கொடுப்போம், வாசலில் வருபவர்களுக்குப் பரீட்சை வைப்போம். எடுத்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் பக்கத்துத் தொழிற்சாலைக்குத் தாவிவிடுவார்கள். இந்த முறை நாமே கல்லூரிகளுக்குப் போய் எடுக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவரும் சரி என்றார்.

மேனேஜர் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழில் பேசுவார்.

"பெரிய காலேஜா ரெண்டு மூணு பாருங்க. பேர் உள்ள இடத்துக்குப் போனாத்தான் நல்ல பிள்ளைங்க கிடைக்கும்லா."

எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அலமாரியில் இருந்த பழைய கோப்புகளை இறக்கி, எங்களிடம் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றவர்கள் எங்கே படித்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். பேர் பெற்ற கல்லூரிக்காரர்கள் வந்த வேகத்தில் போயிருந்தார்கள். நின்றவர்களில் பலர் கிள்ளானில் இருந்த ஒரு சின்னத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள். ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அங்கிருந்து பரீட்சை எழுத வந்தவர்கள் நிறைய, தேறியவர்கள் கொஞ்சம். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து கல்லூரிகளுக்கு நேரில் போனேன். முதல்வரின் அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல், பட்டறையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஓர் இடத்தில் அளவுக்கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன, மேலே தூசு. கிள்ளானில் கருவிகள் பழசு, ஆனால் பிடி தேய்ந்து பளபளத்தது. மாணவர்கள் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறார்கள் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. அங்கே மாணவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பைப் பார்த்த விரிவுரையாளர் ஒரு தமிழர். கடைசிப் பரீட்சை எப்போது முடிகிறது, பாடத்தில் என்னென்ன இருக்கிறது, எந்தக் கம்பெனிகள் வருகின்றன எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். முடிவில் மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தோம். மேனேஜர் கேட்ட பெரியது ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் ஒன்று, கிள்ளான்.

பரீட்சைத்தாள் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வெளிநாட்டு முத்திரையோடு வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த அதே தாள்தான். நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம். கணக்கு, மின்சாரம், ஆங்கிலம். தேர்ச்சி மதிப்பெண்ணையும் அவர்களே போட்டிருந்தார்கள்.

மூன்று இடத்திலும் எழுத்துத் தேர்வை நடத்திவிட்டு, ஒரு வார இறுதியில் வீட்டு மேசையில் உட்கார்ந்து திருத்தினேன். பெரிய கல்லூரியும் பெட்டாலிங் ஜெயாவும் நன்றாகவே செய்திருந்தன. சனிக்கிழமையே அவற்றைத் திருத்தி, தேறியவர்கள் பெயரை அந்தக் கல்லூரிகளுக்குப் போனில் சொல்லியும் விட்டேன். அவசரப்பட்டது தப்பு என்று பிறகு புரிந்தது.

மறுநாள் எடுத்த கிள்ளான் தாள்களில் தோல்வி மேல் தோல்வி. கட்டின் பாதியில் ஒரு பெண்ணின் தாள். பதினேழாவது கேள்வி, ஒரு ஹீட்டர் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்று கேட்கும் கேள்வி. ஆங்கிலத்தில் 'டிரா' என்ற சொல் இருந்தது, இழுப்பதற்கும் வரைவதற்கும் அதே சொல். அவள் விடையாக ஒரு ஹீட்டரை வரைந்திருந்தாள். கம்பிச்சுருள், கைப்பிடி, பிளக், மின்சாரம் போகும் திசைக்கு அம்புக்குறி. அளவுகோல் வைத்து, அழகாக.

முதலில் சிரிப்பு வந்தது. தப்பு என்று அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதில் ஒருவன் வெறும் பெட்டி வரைந்திருந்தான். இன்னொருவன் கேள்வியை விட்டுவிட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். வெறும் எண்களும் படமும் இருந்த கேள்விகளில் கிள்ளான் பிள்ளைகள் மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் சளைக்கவில்லை. அதே கணக்கு நாலு வரி ஆங்கிலத்தில் வந்த இடத்தில்தான் விழுந்திருந்தார்கள்.

நான் ஆங்கிலப் பள்ளியில் படித்த தலைமுறை. இந்தப் பிள்ளைகளில் பலர் தொடக்கப் பள்ளியில் தமிழிலும் பிறகு மலாயிலும் படித்தவர்கள். இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. என் தம்பி பிள்ளைகளே அப்படித்தான் படித்தார்கள். ஆனால் தெரிந்ததை அந்தத் தாளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை கிள்ளான் விரிவுரையாளரைப் போனில் கூப்பிட்டேன். ஹீட்டர் படத்தைச் சொன்னதும் அவரும் முதலில் சிரித்தார்.

"மேடம், டிரான்னா இவங்களுக்கு மலாயில லுக்கிஸ்தான், படம் வரையறது. கரண்ட் எவ்வளவுன்னு கேட்டிருந்தா வாயாலயே சொல்லிடுவாங்க." சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணு கேரி தீவு மேடம். அப்பா அம்மா ரெண்டு பேரும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துல வேலை. என் கிளாஸ்லயே கை சுத்தமா வேலை செய்யிறது அவதான்."

தாள்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கா. ஆனா நம்ம மெஷின் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ்தானே? அது புரியலன்னா நாளைக்கு மெஷின் முன்னால நின்னு படம் வரைவாளா?"

நியாயமான கேள்வி. "புத்தகம் படிக்க எவ்வளவு இங்கிலீஷ் வேணுமோ அதைத் தனியா சோதிப்போம் பாஸ். இப்ப இந்தத் தாள் கரண்ட் தெரியுதான்னு பார்க்கல, மூணு பகுதியிலயும் இங்கிலீஷைத்தான் பார்க்குது."

"மறுபடியும் பரீட்சையா? கிள்ளானுக்கு மட்டுமா?"

"மூணு காலேஜுக்கும். இல்லன்னா மத்தவங்களுக்கு அநியாயம்."

"தேறிட்டாங்கன்னு சொல்லிட்டீங்களே, அவங்களை என்ன செய்யறது?"

அதற்கு எனக்கு ஒரே விடைதான் இருந்தது. சொன்ன வார்த்தையை மாற்றக்கூடாது. முதல் தாளில் தேறியவர்கள் இரண்டாவதில் எப்படிச் செய்தாலும் நேர்முகத்துக்கு வரட்டும். அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு வாரம். அதுக்கு மேல புரொடக்‌ஷன் லைன் தாங்காது" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் தாளைப் புதிதாக எழுதினோம். மின்சாரக் கேள்விகளைச் சின்ன வாக்கியங்களாக்கி, ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் மலாய். எங்கள் பயிற்சியாளர் மலாயில் எழுத, இன்னொருவர் அதை மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார், பொருள் மாறவில்லையே என்று. கல்லூரியில் யாருக்கும் தாளைக் காட்டவில்லை. ஆங்கிலப் பகுதிக்கு எங்கள் மெஷின் புத்தகத்திலிருந்தே ஒரு பக்கம், அதைப் படித்து வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். கூடவே ஒரு கைவேலைத் தேர்வு. வேண்டுமென்றே ஒரு பழுது வைத்த மின்சுற்றுப் பலகை, ஒரு மீட்டர், இருபது நிமிடம். பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் பாதி மதிப்பெண், எந்த வரிசையில் தேடினார்கள் என்பதற்குப் பாதி.

தாமதத்துக்கு விலை இருந்தது. மறுதேர்வு நாளன்று பெட்டாலிங் ஜெயா கல்லூரியில் மூன்று நாற்காலி காலி. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை முந்திக்கொண்டு அவர்களை எடுத்துவிட்டது.

நேர்முகத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்தோம். எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசை. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். ஒவ்வொருவர் போனதும் நானும் மேனேஜரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் வாய் திறப்பது. அப்பா என்ன வேலை, எப்போது கல்யாணம் என்ற கேள்விகளை அவருடைய பழைய பட்டியலிலிருந்து நானே அடித்திருந்தேன்.

கேரி தீவுப் பெண் எழுத்திலும் கைவேலையிலும் நன்றாகச் செய்து நேர்முகத்துக்கு வந்தாள். ஒடிசலான உருவம், இரவல் வாங்கியது போல் கொஞ்சம் பெரிய காலணி. முதல் கேள்விக்கு ஆங்கிலத்தில் தொடங்கி நடுவில் நின்றுவிட்டாள்.

"மலாயில் சொல்லலாம்" என்று நினைவூட்டினேன். தமிழில் பேசச் சொல்ல நாக்கு துடித்தது. அடுத்து வரும் சீனப் பையனுக்கு அந்த வசதி இல்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது கேள்வி: நீங்களே பழுது பார்த்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோட்டத்துத் தொழிற்சங்க மண்டபத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி, மைக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வண்டு போல் ரீங்கரித்துக்கொண்டே இருந்ததாம். பெட்டியைத் திறந்து, மின்சாரம் உள்ளே வரும் பகுதியில் ஒரு கெபாசிட்டர் தலை உப்பிக் கிடந்ததைப் பார்த்து மாற்றினாளாம். மலாயில் தங்குதடையில்லாமல் சொன்னாள்.

"பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே கை வைத்தாயா?" மேனேஜர் கேட்டார்.

"இல்லை சார். கெபாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கினேன், மீட்டரில் பார்த்தேன், பிறகுதான் தொட்டேன்." கொஞ்சம் தயங்கி, "அதற்கு முந்தின தடவை அப்படிச் செய்யவில்லை" என்றாள்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் போனதும் இருவரும் தாளைத் திருப்பிக் காட்டினோம். அவர் என்னைவிட அதிகம் போட்டிருந்தார்.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் கிள்ளான். அவளும் ஒருத்தி. கடிதம் கொடுத்த அன்று வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"மிஸ், நைட் ஷிப்ட் இருக்குன்னு அப்பா யோசிக்கிறாரு. பஸ் தோட்டம் வரைக்கும் வருமா?"

வராது, ஆனால் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு விடுதி இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். மறு சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் அழைத்துவந்து விடுதியைக் காட்டினாள். அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். அப்பா ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். ஆறு வருடம் எங்களிடம் இருந்தாள், லைன் லீடர் ஆகித்தான் போனாள்.

அந்த வருடம் பன்னிரண்டு பேரை எடுத்து முடித்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. அலமாரியில் முந்தைய வருடத்துத் தாள்கள் கிடந்தன. வாசலில் வந்து எழுதித் தோற்றவர்கள். எண்கள் இருந்த கேள்விகளில் நன்றாகச் செய்து விழுந்தவர்களைப் பிரித்தெடுத்து, மீண்டும் தேர்வெழுத விருப்பமா என்று கடிதம் எழுதினேன். பல கடிதங்கள் திரும்பி வந்தன. இரண்டு பேர் வந்து எழுதினார்கள், ஒருவர் தேறினார்.

இன்னொரு இளைஞர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகச் சொன்னார். உட்காரவில்லை.

"வேலை வேணாம் மேடம், அங்க நல்லா இருக்கேன். கணக்குல எவ்வளவு வாங்கினேன்னு மட்டும் சொல்றீங்களா? நான் கணக்குல வீக்குன்னே நினைச்சிட்டு இருந்தேன்."

அவருடைய தாளை எடுத்து மேசையில் வைத்தேன். எண் கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. அவர் அந்த ஒன்றில் விரலை வைத்து மனதுக்குள் போட்டுப் பார்த்தார்.

"பதினெட்டு வரணும்" என்றார். சரிதான். நன்றி சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.