சளி இளகுது என்றார்கள்

காவிரித் தண்ணீர் ஏறி, குமாரபாளையத்தில் ஆற்றோரத் தறிக்கூடங்களுக்குள் முழங்கால் அளவு நின்றதே, அந்த வருஷம்தான் இது. தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, மோட்டாரையெல்லாம் காய வைத்து, தறி மறுபடி ஓடத் தொடங்கிய வாரம். எங்கள் கூடத்தில் மூக்கு ஒழுகாத ஆள் கிடையாது.

நான் தறி ஓட்டுகிறவன். என் சம்சாரம் அதே கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவாள். ஈரச் சுவரும் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் நெஞ்சு என்ன ஆகும்? தறி சத்தத்துக்கு மேலே இருமல் சத்தம் கேட்டது.

அப்படிச் சளி பிடித்துவிட்டால் முதலாளியின் சம்சாரம் கஷாயம் வைத்துவிடும். எங்களைவிட வயதில் சின்னது, நல்ல மனசு. சுக்கைத் தோல் சீவி, திப்பிலியையும் மிளகையும் தனித்தனியாக வறுத்து, மூன்றையும் சம அளவு இடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைக்கும். திப்பிலியை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் வாங்கினால்தான் அதற்குத் திருப்தி. ஒருதரம் அதை வாங்கப் போய் நான் மழையில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு, அது கிடக்கட்டும். காலையில் தறி போடும் முன்னால் எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். குடித்தால் நெஞ்சு விரியும், மூக்கு திறக்கும். பொய் சொல்லக் கூடாது, எனக்கு நன்றாகவே கேட்டது.

என் சம்சாரத்துக்குத்தான் ஆகவில்லை. முட்டி வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி வாங்கித் தின்று, அவளுக்கு ஏற்கெனவே வயிற்றில் புண். காரம் வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார். ரசத்துக்குக்கூட மிளகு போடாமல் சாப்பிடுகிறவள். ஆனால் சளியோ, அவளை மூச்சு விடவிடவில்லை.

முதல் நாளே சொன்னேன். "அம்மிணி, அவளுக்கு வவுத்துல புண்ணுங்க. அவளுக்கு வேண்டாமுங்க."

"ஏனுங்ண்ணா, இது மெளகு, மெளகாயா? பத்து மெளகு இருந்தா பகையாளி ஊட்லயும் உங்கலாம்னு சொல்லுவாங்க. நா என்ன பகையாளியா?"

கூடமே சிரித்தது. என் சம்சாரம் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "சும்மா இருங்க, மானத்த வாங்காதீங்க" என்றாள். வெறும் வயிற்றில் ஒரே மடக்கு.

மறுநாள் கஷாயம் குடித்ததும் தார் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள்.

"எரியுதுங்களாக்கா?" என்று அந்தம்மா கேட்டது.

"ஆமாங்கம்மிணி, தீயா எரியுது."

"அப்பச் சரி. உள்ள சளி இளகுதுங்க. இன்னும் கொஞ்சம் குடிங்க."

சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கும் தொண்டை எரிந்தது, சளி இளகியது. அதனால் எரிச்சல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். அவர்கள் எரிச்சல் தொண்டையோடு நின்றது. இவள் எரிச்சல் புண்ணுக்குள் இருந்தது. இதை எந்த வாயால் சொல்ல? சொன்னால் கொடுக்கிறவள் மனசு நோகும். சொல்லாவிட்டால் இவள் வயிறு நோகும். தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடிபட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் வாந்தி எடுத்தாள். அதில் சிவப்பாகக் கோடு ஓடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டது.

"கஷாயத்தால புண் வரலைங்க, மாத்திரையால வந்தது. ஆனா இருக்கற புண்ணுல காரம் ஊத்தலாமா? ஊட்ல யாருமே வேண்டாம்னு சொல்லலையா?"

முதல் நாள் ஒருதரம் சொன்னேன், அதோடு சரி.

சளி என்னவோ கஷாயம் இல்லாமலே, வெந்நீர் ஆவியில் தானாகப் போய்விட்டது. வயிறுதான் இன்றைக்கும் சரியில்லை. தயிர்சோறும் கஞ்சியுமாக ஓடுகிறது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளியின் சம்சாரம் பார்க்க வந்தது. கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்க்.

"அக்காவுக்குக் கொண்டாந்தேனுங்ண்ணா. கருப்பட்டி வேண்டாம்னு தேன் சேத்தியிருக்கறேன். இது எரியாதுங்க."

கட்டிலில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தம்மா பஸ் ஏறிய பிறகு, வராந்தாவில் நின்று நானே குடித்தேன். என் நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது.

மழை வந்தால் இப்போதும் அங்கே அடுப்பில் அண்டா ஏறுகிறது. எனக்குச் சொல்ல வரவில்லை, இனியும் வராது. நீங்கள் குமாரபாளையம் பக்கம் போனால் அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கஷாயம் நல்ல கஷாயம்தான். டம்ளரை நீட்டும் முன்னால் மட்டும், வயிறு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.