போணிக்குக் கொடுத்த பத்து சதவீதம்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பட்டாசுக்காரர்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். பூஜை போட்டு, அந்த வருட விலைப்பட்டியலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சீசனின் முதல் பில்லைப் போடுகிற நாள் அது. எங்கள் கம்பெனி சின்னது. தாயில்பட்டிப் பக்கம் ஃபேக்டரி, சிவகாசியில் ஒரு அறை ஆபீஸ். பூச்சட்டிதான், அதாவது புஸ்வாணம்தான், எங்கள் சரக்கு. ஃபேக்டரியும் சரக்கு வாங்குகிற பார்ட்டிகளும் தம்பி பொறுப்பு. கணக்கும் வாயும் என் பொறுப்பு.

போணி விஷயத்தில் எங்கள் ஊர் வியாபாரிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான். முதல் வியாபாரத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அவர் முகம் கோணினால் சீசனே கோணிவிடும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். இது தெரிந்த கெட்டிக்கார பார்ட்டிகள் ஆடிப்பெருக்கு அன்று காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

அந்த வருடம் அப்படி வந்து நின்றவர் பாளையங்கோட்டைப் பக்கம் மொத்தக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிறவர். நான் பூஜைத் தட்டை எடுத்து வைக்க உள்ளே போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் தம்பியின் கையை அவர் பிடித்திருந்தார்.

"போன வருசம் ஆயிரம் பெட்டி. இந்த வருசம் ஆயிரத்து எரநூறு எடுக்கேன். நீ பத்து பெர்சன்ட் விட்டுக்கொடு. போணியும் நாந்தான், சந்தோசமாச் சொல்லு."

"உங்களுக்கு இல்லாததா அண்ணாச்சி" என்று தம்பி சொல்லிவிட்டான்.

சாப்பிட்டுவிட்டு வந்து அட்வான்ஸ் கொடுத்து பில்லை வாங்கிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சந்தோஷமாகக் கிளம்பினார். அவர் படியிறங்கும்வரை நானும் சிரித்துக்கொண்டேதான் நின்றேன். எனக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளேதான் கொதிக்கும்.

"பாத்தியாக்கா, பத்தை விட்டு இருபதைப் பிடிச்சிருக்கேன்" என்றான் தம்பி. ஃபோனில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வெற்றிலை பாக்கு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஜெயித்தவன் மாதிரி இருந்தது அவன் உட்கார்ந்த விதம்.

பத்து குறைத்தால் பத்தோ பதினொன்றோ கூட விற்றால் போதும், இருபது விற்றால் லாபம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். விற்கிற பணத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் பெட்டியோடு சேர்ந்து செலவும் போகிறதே, அதை யார் பார்ப்பது? உண்மையான விலையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, எளிதாக இருக்க ஒரு பெட்டி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வெடிமருந்து, குழாய், அட்டைப்பெட்டி, லேபிள், கூலி, லோடு ஏற்றுகிற செலவு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பெட்டிக்கும் எழுநூறு போய்விடும். மிச்சம் முந்நூறு. அந்த முந்நூறுகளைச் சேர்த்துத்தான் லைசென்ஸ், வட்டி, வாடகை, சம்பளம், அதற்கப்புறம் எங்கள் வீட்டு அடுப்பு.

"ஏலே, இங்கன வா. பத்து பெர்சன்ட் எங்கேயிருந்து போகுது?"

"விலையிலருந்து."

"வெடிமருந்து விக்கிறவர் நூறு ரூபா குறைச்சுக்குவாரா? கூலியைக் குறைப்பியா?"

"அதெப்படிக் குறைக்க முடியும்?"

"அப்ப அந்த நூறும் நம்ம முந்நூறுல இருந்துதானே போகுது. மிச்சம் எம்புட்டு?"

"இருநூறு" என்றான். சொல்லும்போதே அவன் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

போன வருடம் அண்ணாச்சி எடுத்த ஆயிரம் பெட்டியில் மூன்று லட்சம் நின்றது. இப்போது பெட்டிக்கு இருநூறு என்றால், அதே மூன்று லட்சம் நிற்க ஆயிரத்து ஐந்நூறு பெட்டி போகவேண்டும். பாதிக்குப் பாதி கூட! அவர் சொன்ன ஆயிரத்து இருநூறுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்தான் நிற்கும். வேலை கூட, பணம் குறைவு. இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம்: விட்டுக்கொடுக்கிற பத்து சதவீதத்தை, விட்டபிறகு கையில் நிற்கிற இருபது சதவீதத்தால் வகுக்கவேண்டும். பாதி வருகிறதா, அப்போது பாதி கூட விற்கவேண்டும். மார்ஜின், அதாவது செலவு போக நிற்பது, நாற்பது உள்ளவன் மூன்றில் ஒரு பங்கு கூட விற்றால் தப்பித்தான். மார்ஜினே பத்துதான் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. நாம பத்து பைசாகூட விட்டுக்கொடுக்காம, அண்ணாச்சி கோவிச்சுக்கிட்டு எண்ணூறு பெட்டி மட்டும் எடுத்தாலும், அதே ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் நிக்கும். எண்ணூறுக்கு வேலை செஞ்சு வர்ற காசுக்கு ஆயிரத்து எரநூறுக்கு ஏன் சாகணும்?"

தம்பி தோற்பதற்குப் பிறந்தவன் இல்லை. காலண்டரைத் தீபாவளி வரைக்கும் புரட்டிப் பார்த்தான்.

"அப்ப ஆயிரத்து ஐந்நூறே எடுக்கச் சொல்லுவோம்க்கா. எடுப்பாரு. மனுசன் மலை மாதிரி."

"எடுப்பாரு. யாரு செய்வாக?"

இதுதான் விஷயம். கம்ப்யூட்டரில் ஐந்நூறு பெட்டியைக் கூட்டுவதற்கு ஒரு விரல் போதும். ஃபேக்டரியில் அப்படி இல்லை. எங்கள் மருந்து அடைக்கிற அறைகளில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். பொழுது சாய்ந்தபிறகு வேலை கிடையாது. மற்ற பார்ட்டிகளின் ஆர்டரோடு சேர்த்து அறைகள் ஏற்கெனவே நிறைந்துதான் ஓடின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் கூடுதலாக நூறு பெட்டி கிடைக்கும். தீபாவளி வரைக்கும் அவ்வளவுதான்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அறைக்கு ஒரு ஆள் கூட உக்கார வச்சா ஆச்சு. ரெண்டு மாசந்தானே. எல்லாரும் செய்றதுதான்."

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.  நாலு பேர் உட்காரும்படி கட்டிய அறையில் நாலு பேருக்குத்தான் ஓடுவதற்கு வழி. ஐந்தாவது ஆள் வந்தால் மருந்தும் ஐந்து பேருக்கானது வந்துவிடும், வாசல் மட்டும் அதேதான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"அந்த அஞ்சாவது ஆளா ஒன் பொண்டாட்டிய உக்கார வைப்பியாலே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படிப்பட்ட பேச்சை நான் அவனிடம் அதுவரை பேசியதில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"வாக்குக் கொடுத்துட்டனேக்கா. அதுவும் போணிக்கு. இப்ப இல்லைனு சொன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஜாருக்குள்ள நடக்குறது?"

அதிலும் நியாயம் இருந்தது. இந்த வியாபாரத்தில் பேப்பரில் போடுகிற கையெழுத்தைவிட வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவன் முகம் சுண்டிப்போயிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது. கோபமும் பாவமும் ஒன்றாக வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"போணிங்கிறது முதல் லோடுதானே? ஒரு லோடு நூறு பெட்டி, அதுக்கு மட்டும் பத்து பெர்சன்ட் கொடுப்போம். வாக்கு நிக்கும். மிச்சமெல்லாம் பட்டியல் விலை."

நூறு பெட்டியில் நூறு நூறாக விட்டால் பத்தாயிரம் போகும். அதை முந்நூறு முந்நூறாகப் பிடிக்க முப்பத்து நாலு பெட்டி கூடப் போனால் போதும். ஐந்நூறு எங்கே, முப்பத்து நாலு எங்கே. அறைகளும் தாங்கும், நாங்களும் தாங்குவோம். தம்பி அதை இரண்டு தடவை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தான். என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அவனுக்கு நிம்மதி வேண்டியிருந்தது.

அண்ணாச்சி ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தார். நானே பேசினேன். போணி லோடுக்கு மட்டும் பத்து என்றதும் அவர் முகம் மாறியது.

"தாயி, தம்பி காலையில சொன்னது வேற. பெரியவுக இருந்தா இப்படிப் பேசுவாகளா? எனக்கு விஸ்வநத்தத்துல வேற பட்டாசுக்காரக இல்லைனு நெனச்சீகளா?"

"இருப்பாக அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அப்புறம் போங்க. நம்ம பெட்டிய ஆயிரத்துக்கு வாங்கி என்ன விலைக்கு விக்கீக?"

"ஆயிரத்து எரநூத்தம்பது."

"நாளைக்கு ஒருத்தர் உங்க கடைக்கு வந்து பத்து பெர்சன்ட் கேட்டா?"

மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி அவர் உதடு அசைந்தது. அந்த உதட்டசைவில் நான் கணக்கைப் படித்தேன். நூற்றி இருபத்தைந்து போனால் நிற்பது நூற்றி இருபத்தைந்துதான். அதே காசு பார்க்க இரண்டு மடங்கு விற்கவேண்டும்.

"ரெட்டை மடங்கு வித்தாத்தான் கட்டுபடியாகும். நான் என்ன கிறுக்கனா கொடுக்க?" என்றார். சொன்னபிறகுதான் அவருக்கே புரிந்தது. என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கணக்கு வாத்திச்சியாப் போக வேண்டிய பிள்ளை இங்கன உக்காந்திருக்கு. சரி, போணிக்குப் பத்து, மிச்சம் பட்டியல். ஆனா ஆயிரத்து எரநூறு எடுக்க மாட்டேன், ஆயிரத்து அம்பதுதான்."

"அதுதான் அண்ணாச்சி எங்களுக்கும் வேணும்" என்றேன். ஆயிரத்து ஐம்பதுக்கு மூன்று லட்சத்து ஐயாயிரம் நிற்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் அட்வான்ஸை எடுத்து வைத்தார், நான் பில்லைப் போட்டேன். எனக்கு உள்ளுக்குள் சீட்டியடிக்கத் தோன்றியது. இந்த வயதில் அதெல்லாம் செய்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அவர் போனபிறகு தம்பியின் ஃபோன் அடித்தது. கையில் சாமி பிரசாதம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். ஃபேக்டரி ஃபோர்மேன்.

"மொதலாளி, காலையில நீங்க சொன்ன மாதிரி ஆள் பாத்துட்டேன். பொம்பளையாள்க தயாரா இருக்காக. நாளைக்கு அறைக்கு ஒருத்தரா உக்கார வச்சிரலாமா?"

என்னிடம் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லியிருந்தான். அண்ணாச்சி படியிறங்கியதும் ஃபோனில் பேசிய அந்த இரண்டு வார்த்தை இதுதான். நான் இங்கே கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி கேட்ட கூடுதல் பெட்டிகள் தாயில்பட்டியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. 

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்தே பேசினான்.

"வேணாம்ணே. பேக்கிங்ல எடம் இருந்தா ரெண்டு பேரை அங்கன போடுங்க. அடைக்கிற அறைக்கு யாரும் வேணாம்."

"ஆர்டர் போயிருச்சா மொதலாளி?"

"போகல. ஆர்டர் இருக்கு. நாலு பேர் செஞ்சாலே கட்டுபடியாகுது."