தராசு டீச்சருக்கு ஒரு வருடம் குறைந்தது

ஒருவரின் உழைப்பைப் பறிக்க அவரை ஒரே ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளினால் போதும். நம்புகிறீர்களா?

எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு அம்மாள் இருந்தார். எதையும் எடை போடாமல் நம்பமாட்டார். அதனால் 'தராசு டீச்சர்'. 1961 அக்டோபரில், கிணற்று நீரில் ஃபுளோரைடை அளக்கும் முறையைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். துறைத் தலைவர் தன் பெயரை அதில் முதலில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் இறந்துவிட்டார். இப்போது பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மலர் வருகிறது. "அப்போது அவர் செயல்முறை உதவியாளர், தலைவரின் ஆய்வுக்கு உதவினார்" என்கிறது வரைவு.

"உதவியாளர் எப்படிம்மா சொந்தமா ஆய்வு பண்ணியிருப்பாங்க? 62 காலண்டரே சொல்லுதே," என்றார் மலர்க்குழுச் செயலர். அவர் அந்தத் தலைவரின் மருமகன்.

"காலண்டர் சொல்லுது சார். எப்போ எழுதினதுன்னு அடியில போட்டிருக்கே, அதைப் பாத்தீங்களா?" என்றாள் டீச்சரின் மகள்.

காலண்டர் என்பது ஆண்டுதோறும் அச்சாகும் பல்கலைக்கழகக் கையேடு. விதிகள், பாடங்கள், ஆசிரியர் பட்டியல் எல்லாம் இருக்கும். 62ஆம் ஆண்டுப் பட்டியல் 1961 ஜூன் 30 வரையிலான நிலவரம். அதன் பிறகு வந்த பதவி உயர்வு அடுத்த ஆண்டுக் காலண்டரில்தான் ஏறும்.

நானும் மகளும் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குப் போனோம். "காலண்டரா? கிழிக்கத்தானே இருக்கு," என்று சிரித்தபடி ஊழியர் விளக்கைப் போட்டார். நாங்களும் சிரித்தோம்.

63ஆம் ஆண்டுக் காலண்டரில் டீச்சர் விரிவுரையாளர். ஒரே பதவியில் இருப்பவர்களைப் பணிமூப்பு வரிசையில் போடுவதாக முகப்புக் குறிப்பு சொன்னது. டீச்சருக்கு அடுத்த பெயருக்கு உரியவர் விரிவுரையாளராகச் சேர்ந்தது 1961 ஆகஸ்ட் முதல் தேதி. அவருடைய நியமன ஆணை அவர் வீட்டில் இன்றும் இருக்கிறது. ஆகவே டீச்சரின் உயர்வு அதற்கும் முன்னால். ஜூன் 30க்கும் பின்னால். கட்டுரை போகும்போது அவர் விரிவுரையாளர்தான்!

மகள் பென்சிலால் குறித்துக்கொண்டாள். பக்கத்தைப் படமெடுக்க அனுமதி வேண்டும் என்றார்கள் நூலகத்தில். மலர் முடியும்வரை பழைய ஆவணங்கள் மலர்க்குழுவின் பொறுப்பு என்பதால் அந்தச் செயலர்தான் கையெழுத்திட வேண்டுமாம். என்ன பக்கம், எதற்கு என்று விண்ணப்பத்தில் விவரமாக எழுதிக் கொடுத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று மாலையே மகளின் தொலைபேசி ஒலித்தது. பெயர் சொல்லாத குரல். "செத்தவங்களை நிம்மதியா விடும்மா."

அனுமதி வந்து, போனோம். அலமாரியில் காலண்டர் இருந்தது. வேதியியல் துறைப் பக்கம் இல்லை. பிளேடால் அறுத்த ஓரம் நேராக இருந்தது. ஊழியர் இந்த முறை சிரிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, "நான் எதுவும் பாக்கலை," என்றார்.

செயலர் கையை விரித்தார். "பென்சில் குறிப்பெல்லாம் ஆதாரமாகுமா?"

மலர் அச்சுக்குப் போகப்போகிறது. ஆனால் அந்தக் காலண்டர் அன்று இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறது. உங்கள் கல்லூரி நூலகத்திலோ, ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டுப் பரணிலோ 1963 பிரதி இருக்கலாம். தேடுங்கள். ஆசிரியர் பட்டியல், முகப்புக் குறிப்பு இரண்டையும் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.