சலவைக்கடை வாசலில் போர்வைக் கூட்டம்

கல்லூரியில் எல்லோரும் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குட்டை, வாய் நீளம். மார்க்கெட்டிங் படிப்பில் கடைசி வருடம். விண்ணப்பித்த இடத்திலெல்லாம் "செஞ்ச வேலையைக் காட்டுங்க" என்றார்கள். வேலையே பார்க்காதவள் எதைக் காட்டுவாள்?

"ஏதாவது ஒரு கடையை எடுத்துப் பயிற்சியா செஞ்சு காட்டேன். நீ எப்படி யோசிக்கிறேன்னுதானே பார்ப்பாங்க" என்றான் விளம்பர நிறுவனத்தில் இருந்த அண்ணன்.

தெருக்கோடிச் சலவைக்கடையை எடுத்துக்கொண்டாள். எதிர்க்கடையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்தாள். சட்டை, பேன்ட்டோடு சரி; கனமான போர்வையை யாரும் கொண்டுவரவில்லை. அதையே குறிவைத்து, 'முதல் போர்வை இலவசம்' என்று ஒரு விளம்பரப் படமும் சில பதிவுகளும் செய்து, இணையத்தில் தன் பக்கத்தில் ஏற்றினாள். கடையின் பெயர், போன் நம்பர் எல்லாம் அச்சு அசல். பயிற்சி என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. போட்டால் மதிப்புக் குறையும் என்று நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் பால் வாங்கப் போனவள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். சலவைக்கடை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு போர்வை.

"இலவசம்னு யாருங்க சொன்னது? நான் சொல்லவே இல்லையே!" கடைக்கார அக்கா கத்திக்கொண்டிருந்தார்.

ஒருவர் போனை நீட்டினார். "எங்க அபார்ட்மென்ட் குரூப்ல வந்துச்சே!"

சுண்டு செய்த விளம்பரப் படம்.

திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கால்கள் கடைக்குள்தான் போயின. "அக்கா... அதைப் போட்டது நான்தான்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? உன்ன நான் பார்த்ததே இல்லையே! என் கடை பேர்ல நீ எப்படி வாக்குக் குடுப்ப?"

சுண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டாள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். மீதிப் பேரிடம் அக்கா பாதி விலை சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் போனபின் போர்வை மலைக்கு நடுவில் உட்கார்ந்து, "ஊர்ல இத்தனை அழுக்குப் போர்வை இருக்குன்னு எனக்கே தெரியாதேடி" என்றார். அவர் திட்டுகிறாரா, சிரிக்கிறாரா என்று சுண்டுவுக்குப் புரியவில்லை.

படத்தை உடனே தன் பக்கத்திலிருந்து நீக்கினாள். பிறகு அக்காவின் சம்மதத்தோடு, பாதி விலை என்று மாற்றிப் போட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பெரும்பாலும் அதே அபார்ட்மென்ட் குரூப். அவள் ராத்தூக்கம் கெட்டு எழுதிய பதிவுகளைப் பார்த்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

வேலை கேட்கும் இடங்களில் காட்டுவதற்கான தொகுப்பில் அதையும் மறைக்காமல் எழுதினாள். வேறு கடைகளுக்குக் கற்பனையாகச் செய்து அதில் சேர்த்த வேலைகள் ஒவ்வொன்றின் தலையிலும் 'பயிற்சி' என்று போட்டாள்.

நேர்காணலில் மேலாளர் அம்மா தொகுப்பைப் புரட்டி, சலவைக்கடைப் பக்கத்தில் நிறுத்தினார். "உன் பதிவு எடுபடலைன்னு நீயே எழுதியிருக்க?"

"எடுபடலையே மேடம்."

வேலைக் கடிதம் வந்தபோது அவள் நம்பவில்லை. வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்திருக்கும் என்றாள். அண்ணன் சத்தமாகப் படித்துக் காட்டியும், "பேரை இன்னொரு தடவை பாருண்ணா" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.