ஒற்றைக் கொம்பு

தமிழ் எழுத்தில் "கொஞ்சம் டிசைன் பண்ணிக் குடுங்க" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். எழுத்து முதலில் படிப்பதற்கு. ஆனால் அபிராமபுரத்து வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்குப் பெயர் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால், கோபத்தைப் பெரும்பாலும் விழுங்கிக்கொள்வேன். அந்தச் சேலைக்கடை விஷயத்தில் முடியவில்லை.

கடை தங்கையுடையது, செலவு அண்ணனுடையது. தென்காசிப் பக்கத்துக் குடும்பம், அண்ணனுக்குத் தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை. தங்கையின் கணவர் முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். அதன்பின் வீட்டைவிட்டே வெளியே வராதவர், மயிலாப்பூரில் கல்யாணச் சேலைக்கென்று சின்னதாக ஒரு கடை போடத் துணிந்திருந்தார். அவர் எடுக்கும் சேலைகளில் எல்லாம் கரையோரம் ஒரு கொடி ஓடும். கடைக்கும் 'கொடி' என்றே பெயர் வைத்தார்.

"கொடின்னா பாத்த ஒடனே கொடி தெரியாண்டாமா மேடம்? மொத எழுத்து உச்சியில ஒரு தளிர சுருட்டி விடுங்க" என்றார் அண்ணன்.

வரைந்தேன். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. வாட்ஸப் படத்தின் அளவுக்குச் சுருக்கியதும் தளிரின் இடைவெளி அடைந்து சுழியாகிவிட்டது. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகி, கொடி 'கோடி' ஆகியிருந்தது.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அவர் சிரித்தார். "கோடின்னு வந்தா நல்லதுதானே மேடம்! லட்சத்தவிட பெருசுல்லா?"

எனக்கு அந்தச் சொல்லில் பணம் தெரியவில்லை. சாவுக்குப் பின் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துப் போடுகிற புதுப்புடவைக்கும் கோடி என்றுதான் பெயர். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க எந்தத் தாய் நுழைவாள்? கடை தொடங்கும் முன்பே மூடியதற்குச் சமம். ஆனால் அதை எப்படிச் சொல்ல? அவர் எப்போதும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்திலேயே தங்கை உட்கார்ந்திருப்பார்.

அதனால் எழுத்துக் கணக்கை மட்டும் பேசினேன். தளிரை 'டி'யின் கொக்கிக்கு மாற்றச் சொன்னார். அங்கே சுழித்தால் 'டீ' ஆகிவிடும் என்றேன். காலின் அடியில்? கால் 'ர' ஆகிவிடும். 'க'வின் வாலில்? 'கு' ஆகிவிடும். தமிழில் சும்மா இருக்கிற சுழி என்று ஒன்று கிடையாது. எங்கே சுழித்தாலும் அது வேறு எழுத்து.

"எல்லாத்துக்கும் ஒரு குத்தம் சொல்லுதீங்களே" என்று அவர் சலித்துக்கொண்டார். "போர்டுல பெருசாத்தான இருக்கும்? ஒரு எழுத்த லைட்டோட செஞ்சு பாப்போம். நல்லா இருந்தா அன்னிக்கே மத்ததயும் வெட்டச் சொல்லிருவேன்."

பெயர்ப்பலகை செய்யும் பட்டறை தி.நகரில் ஒரு பின்தெருவில் இருந்தது. நான் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணனும் தங்கையும் முன்பே வந்திருந்தார்கள். 'கொ' மட்டும் அக்ரிலிக்கில் வெட்டி, உள்ளே எல்இடி வைத்து, வாசலில் மாட்டியிருந்தார்கள். பட்டறைக்காரர் மெஷினில் அடுத்த தகட்டை ஏற்றிவிட்டார்.

"இன்னா மேடம், மீதிய கட்டிங் போட்ரலாமா? எல்லாம் ரெடியா கீது" என்றார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்" என்றேன்.

மூவரும் சாலையைக் கடந்து ஒரு மருந்துக்கடை ஓரமாக நின்றோம். அங்கிருந்து பார்த்தபோது வெளிச்சம் பொங்கித் தளிரின் இடைவெளியை முழுதாக மூடியிருந்தது. பளிச்சென்று 'கோ'. நான் பயந்ததைவிட மோசம். தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எப்பிடி எடுப்பா இருக்கு பாத்தீங்களா? கோடி! ராசியான பேரு. இதையே வச்சிருவோம்."

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தார். நான் பார்த்தவரை அண்ணன் எதிரில் அவர் வாய் திறந்ததே இல்லை.

"அண்ணே, நீ எனக்கு ஒரு கோடி எடுத்துப் போட்டுட்ட. அது போதும்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் தங்கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அந்தப் புடவையை எந்தக் கடையில், என்ன நிறத்தில் எடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது.

ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, அதைக்கூடக் கவனிக்காமல் சாலையைக் கடந்து போனார். பட்டறை வாசலில் அவர் குரல் கேட்டது.

"லைட்ட அமத்துப்பா. மொதல்ல அந்த லைட்ட அமத்து."