பாதிக்கு ஒத்துக்கொள்ளாத பஸ்ரியன்

கிரெடிட் கார்ட்டுக்கு வருடக் காசு விழுந்துவிட்டால் கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தமிழ்ச் சனம் வங்கிக்குப் போவதில்லை, பஸ்ரியனிடம் போகும். லோரன்ஸ் வீதிக் கோப்பிக் கடையில், சனிக்கிழமை காலைகளில், கதவுக் காற்று அடிக்காத மூலை மேசையில் அவர் இருப்பார். கூலி ஒரு கோப்பி. அதற்கு மேல் ஒரு டோனட் வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

பஸ்ரியன் ஆரென்றால், குருநகர் சவரிமுத்தரின் மூன்றாவது மகன். தாய்வழி நாவாந்துறை. தமையன் பாரிசில், தங்கச்சி மன்னாரில் கன்னியாஸ்திரி. மனைவி செபமலர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. நகர நடுவில் நிலத்துக்குக் கீழே இருக்கும் கார் தரிப்பிடம் ஒன்றில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருபது வருடத்துக்கு மேல் இருந்து காசு வாங்கியவர். சீட்டைத் தொலைத்தவன் ஏசுவான். முழுநாட் காசு கேட்டதற்குக் கண்ணாடியில் துப்பிவிட்டுப் போனவனும் உண்டு. எல்லாருக்கும் "சொறி சேர்" என்பதுதான் பஸ்ரியனின் பதில்.

அப்படிப்பட்ட மனிசனை முதன்முதலாக "சேர்" என்று கூப்பிட்டது வங்கித் தொலைபேசியில் வந்த ஒரு பெட்டைதான். தன் கார்ட்டுக்கு விழுந்த வருடக் காசைக் கழிக்க முடியுமா என்று பஸ்ரியன் பயந்து பயந்து கேட்டார். அவள் கணக்கைப் பார்த்தாள். "இவ்வளவு காலம் எங்களோடு இருப்பதற்கு நன்றி சேர்" என்று சொல்லிக் கழித்தும் விட்டாள். அன்றைக்கு இரவு பஸ்ரியன் அதை நாலு பேருக்குச் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரானார்கள்.

கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கார்ட் உரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போடுவார். பிறந்த திகதியையும் தாயின் கலியாணத்துக்கு முந்தின பேரையும் உரியவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எங்கள் சனம் முழிக்கும். "அம்மப்பான்ர பேரைச் சொல்லும், அதுதான் அவைக்கு வேணும்" என்று பஸ்ரியன் எடுத்துக் கொடுப்பார். பிறகு, "இவர் எனக்காகக் கதைப்பார்" என்று உரியவர் ஒரு வார்த்தை சொன்னால், மிச்சம் பஸ்ரியனுடையது. இத்தனை வருடமாக வைத்திருக்கிறார், சாப்பாட்டுச் சாமானும் பெற்றோலும் இந்தக் கார்ட்டில்தான், ஒரு மாதமும் காசு பிந்திக் கட்டியதில்லை, வேறு வங்கி முதல் வருடம் இனாமாகத் தருகிறேன் என்கிறது, ஆனபடியால் இதை மூடிவிட யோசிக்கிறார். மூடுகிற கதை வந்ததும் முதல் ஆள் இரண்டாவது ஆளுக்கு மாற்றிவிடுவான். போகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கென்றே இருக்கிற பகுதி அது. கழிக்கிற அதிகாரம் அங்கேதான்.

இன்னுமொன்றும் அவர் செய்வார். கார்ட்டில் நிற்கிற பாக்கிக்கு இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் ஒரு காசு பிடிப்பார்கள். வேலை போனால், ஆள் செத்தால், பாக்கியை அது கட்டும். மாத முடிவில் முழுக்கக் கட்டுகிற எங்கள் சனத்துக்கு அது எதற்கு? போனில் ஆசை காட்டித் தலையில் கட்டியதை எத்தனையோ பேருக்குப் பஸ்ரியன் வெட்டிவிட்டிருக்கிறார். வங்கிக்காரர் வாயில் இன்சூரன்ஸ் என்று வந்தாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த ஏப்ரல் மாதச் சனிக்கிழமை வந்தவர் இரத்தினவேல். பாண் பேக்கரியில் தட்டுத் தூக்குகிற வேலை, அறுபத்தொரு வயது, ஆரோடும் முகம் கோணாத மனிசன். அவருடைய மனைவி கமலாம்பிகை, கனடா வந்த புதிதில் செபமலரோடு ஒரே தையல் தொழிற்சாலையில் இருந்தவள். செபமலர் கிடையில் கிடந்த நாலு மாதமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அந்த வீட்டுக் காரியமென்றால் பஸ்ரியன் தன் காரியம் போலச் செய்வார்.

"நூற்று முப்பத்தொன்பது டொலர் அண்ணை," என்றார் இரத்தினவேல். "மகள் எடுத்துத் தந்த கார்ட். அவளைக் கேக்கலாம், ஆனா றிச்மண்ட் ஹில்லில இருந்து வேலையும் பிள்ளையுமா ஓடித் திரியிறாள், பாவம்."

"அட்சயாவை ஏன் கரைச்சல்படுத்துவான்? எத்தினை வருசம் இந்தக் கார்ட்?"

"பதினாலு."

"பிந்திக் கட்டினனீரோ?"

"ஒருநாளும் இல்லை."

"அப்ப கோப்பியை வாங்கிக்கொண்டு வாரும். அது ஆறமுதல் முடிச்சுத் தாறன்."

பக்கத்து மேசையில் வினோதன் இருந்தான். லொறி ஓட்டுகிறவன், வாய்க்காரன். "இண்டைக்கு ஆற்ர தலை அண்ணை உருளுது?" என்று கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அம்மப்பா பேரெல்லாம் சொல்லி முடிய, இரண்டாவது பகுதியில் றெபேக்கா என்று ஒருத்தி வந்தாள். பஸ்ரியன் தன் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார். அவள் கேட்டாள், நன்றி சொன்னாள், கணக்கைப் பார்த்தாள். இந்த வருடம் விதி மாறிவிட்டது, முழுக்கக் கழிக்க முடியாது, பாதி தரலாம் என்றாள்.

"என்னவாம்?" என்றார் இரத்தினவேல்.

"பாதி தருவினமாம்."

"காணுமே அண்ணை, அது போதும், எடுப்பம்."

வினோதன் சிரித்தான். "பாதியோ? அப்ப பஸ்ரியன் அண்ணைக்கு இனிப் பாதிக் கோப்பி. நான் வெளியில சொல்லத்தான் போறன்."

பஸ்ரியனின் காது சிவந்துபோயிற்று. இவ்வளவு காலத்தில் அவர் பாதிக்கு ஒத்துக்கொண்டதில்லை. "பதினாலு வருட வாடிக்கைக்காரருக்குப் பாதியா? அப்படியென்றால் இப்பவே மூடிவிடு," என்றார் ஆங்கிலத்தில்.

றெபேக்கா இன்னொரு வழி சொன்னாள். இதே வங்கியின் வருடக் காசில்லாத கார்ட்டுக்கு மாற்றிவிடலாம். விழுந்த காசு முழுக்கத் திரும்பி வரும். கணக்கு மூடாது, பதினாலு வருடப் பேரும் கெடாது. பஸ்ரியன் வினோதனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முழுக்க.

அதற்குப் பிறகு அவள் கடகடவென்று ஒன்றை வாசித்தாள். இப்போதைய கார்ட்டோடு இருக்கிற சலுகைகள், அதில் வருகிற இன்சூரன்ஸ்கள், இன்றோடு நிற்கும். புதிய கார்ட்டின் விபரப் புத்தகம் தபாலில் வரும். விளங்கியதா, சம்மதமா என்பதைக் கார்ட்காரரே சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லுறாள் அண்ணை?"

"ஒண்டுமில்லை. அந்த இன்சூரன்ஸ் சனியனும் துலையுதாம். நல்லது. ஓம் எண்டு சொல்லும்."

"யெஸ்," என்றார் இரத்தினவேல், போனுக்குக் குனிந்து. கோப்பி இன்னும் ஆறவில்லை.

புதிய கார்ட் பத்து நாளில் வந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். கமலாம்பிகை பழைய கார்ட்டைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினாள். புத்தகத்தை மேசை லாச்சிக்குள் போட்டாள்.

மே மாதக் கடைசியில் நியூ ஜேர்சியில் கமலாம்பிகையின் தமையன் மகன் ராகுலனுக்குக் கலியாணம். எல்லாரும் அட்சயாவின் காரில் போனார்கள். எல்லை தாண்டுவதற்கு முன் அட்சயா தனக்கும் பிள்ளைக்கும் பயண மருத்துவ இன்சூரன்ஸ் வாங்கினாள். தகப்பனுக்கும் தாய்க்கும் வாங்கவில்லை. வாங்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். அறுபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால், பதினைந்து நாட் பயணத்துக்கு, அந்தக் கார்ட்டிலேயே இருக்கிறது. அதற்காகத்தான் வருடக் காசுள்ள கார்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் இரத்தினவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் அடைத்த குழாய் ஒன்றைத் திறந்தார்கள். இன்னும் இரண்டு அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டும், ஆளை அசைக்கக்கூடாது என்றார்கள். அட்சயா கார்ட்டை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அவசர நம்பர் இல்லை. வங்கிக்குப் போன் அடித்தாள். இந்தக் கார்ட்டுக்குப் பயண இன்சூரன்ஸ் கிடையாது, ஏப்ரலில் உங்கள் தகப்பன் மாற்றிவிட்டார் என்றார்கள்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதியிலிருந்து ஒருத்தி மடிக்கணினியோடு வந்து கட்டிலடியில் இருந்தாள். அவள் சொன்ன தொகைக்கு ஸ்காபரோ வீட்டில் பாதியை விற்க வேண்டும். அதுவும் அந்த ஒரு இரவுக்கு மட்டும். இரத்தினவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு, "என்னை வீட்டை கொண்டு போ பிள்ளை," என்றார். வைத்தியர் வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கையெழுத்துப் போட்டு வெளிக்கிட்டார். பஃபலோ தாண்டி எல்லைப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது நெஞ்சுவலி இரண்டாவது தரம் வந்தது. கனடாப் பக்கத்து ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்தார்கள். இதயத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

அட்சயா பஸ்ரியனுக்கு அங்கிருந்தே அடித்தாள்.

"அங்கிள், அப்பான்ர கார்ட்டை மாத்தினது நீங்களோ?"

"ஓம் பிள்ளை. காசு முழுக்க எடுத்துக் குடுத்தனான். ஏன்?"

அவள் சொன்னாள். பஸ்ரியன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வைத்த பிறகும் நின்றார்.

அடுத்த நாள் அவரே வங்கிக்கு அடித்தார். அதே பாட்டுத்தான்: பதினாலு வருடம், ஒருநாளும் பிந்தவில்லை, எல்லாச் சாமானும் இந்தக் கார்ட்டில்தான். பழைய கார்ட்டை ஏப்ரலிலிருந்தே இருந்ததாக வையுங்கள், வருடக் காசை இரண்டு மடங்காகக் கட்டுகிறோம் என்றார். கார்ட்காரர் பக்கத்தில் இல்லாமல் உங்களோடு எதுவும் கதைக்க முடியாது சேர் என்றார்கள்.

அட்சயா எழுத்தில் முறையிட்டாள். அதற்குப் பஸ்ரியனின் கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. வாசித்ததைத் தான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, இது வேறு இன்சூரன்ஸ் என்று நினைத்து, ஓம் என்று சொல்லும்படி தானே சொன்னதாக.

"எழுதாதேங்கோ அண்ணை," என்றான் வினோதன். "நாளைக்கு வக்கீலைப் பிடிச்சு உங்களிட்டைத்தான் வருவினம்."

"நீயும் சாட்சி தானே, நீ எழுதன்."

வினோதன் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். பஸ்ரியன் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. இரத்தினவேலின் கட்டிலை மேல்மாடியிலிருந்து இறக்கி முன்னறையில் போட்டிருந்தார்கள். மாடிப்படி ஏற அவரால் முடியாது. பாண் தட்டு இனி இல்லை. நியூ ஜேர்சி ஆஸ்பத்திரி கொஞ்சம் குறைத்து, மிச்சத்தைத் தவணையில் கேட்டிருந்தது. அட்சயா பஸ்ரியனையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் கதவடிக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கமலாம்பிகை அவரை வாருங்கோ என்று சொல்லவில்லை. போங்கோ என்றும் சொல்லவில்லை.

அட்சயா கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள். அன்றைய தொலைபேசிப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். நிபந்தனை வாசிக்கப்பட்டிருக்கிறது, கார்ட்காரரே சம்மதம் சொல்லியிருக்கிறார், கூட இருந்து கதைத்தவர் அவரே அனுமதித்த ஆள். விபரப் புத்தகமும் போயிருக்கிறது. ஆகையால் இன்சூரன்ஸ் பணம் கிடையாது. திருப்தி இல்லையென்றால் வெளியே முறையிடலாம்.

"முறையிடுவன். ஆனா ஒரு வருசம் இழுக்கும், கிடைக்குமெண்டு சொல்ல ஏலாது," என்றாள். பிறகு கடைசிப் பந்திக்கு வந்து நிறுத்தினாள்.

"வாசி பிள்ளை," என்றார் இரத்தினவேல்.

"பதினாலு வருச நல்ல பாவனையை யோசிச்சு, பழைய கார்ட்டைத் திருப்பித் தருவினமாம். இந்த வருசக் காசையும் கழிச்சு விடுவினமாம்."

இரத்தினவேல் தலையணையில் தலையைத் திருப்பிப் பஸ்ரியனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் என்று ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் பஸ்ரியனுக்குப் பார்க்கமுடியாமல் இருந்தது.

"பாதியோ, முழுக்கவோ?" என்று கேட்டார்.

"முழுக்கத்தான் அப்பா."

பஸ்ரியன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். கமலாம்பிகை கதவைத் திறந்துவிட்டாள்.