பாங்குச் சத்தமும் உறைந்த டிராக்டரும்

காலையில் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம், பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம், பின்னேரம் லெப்டொப் விளையாட்டில் இன்னொரு தோட்டம். என்னைச் சோம்பேறி என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பாங்கு கேட்டதும் லெப்டொப்பை டப்பென்று மூடிவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போவேன். அந்தப் பேணுதலில் எனக்கே பெருமை. திரும்பி வந்து திறந்தால் டிராக்டர் வரப்பில் உறைந்து நிற்கும். சேமிக்காத அறுவடை அத்தனையும் போய்விடும். லெப்டொப்பை அரிக்கும் கடல் உப்புக்காற்றைத் திட்டினேன், விளையாட்டைச் செய்தவனைத் திட்டினேன். கடைசியில் புத்தளத்தில் கணினி திருத்துபவரிடம் கொண்டுபோனேன்.

“நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார், “மூடினா மிஷின் தூங்குது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் நிண்டு, அது வெச்சிருந்த படமெல்லாம் அழிஞ்சிரும். எழும்பின கேம் அதத் தேடித் திகைச்சு நிக்கிது. டிரைவர் சொப்ட்வெயாரப் புதுசாக்கித் தாரேன். எண்டாலும் சேவ் பண்ணி, கேம விட்டு வெளிய வந்திட்டு மூடுங்க.”

வீட்டில் இதை மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரு கொப்பியையும் பேனையையும் நீட்டினாள்.

“பகல் தூங்கப் போக முன்ன, நான் சொன்ன வேலயெல்லாம் இதுல சேவ் பண்ணிட்டுப் போங்க. எழும்பினா ஒங்களுக்கும் ஒண்டும் ஞாபகமில்லயே.”